குறுந்தொகையின் இக்கால உரைகளும் பொருள் வேண்டுவாரும்

சங்கச் செய்யுட்களைப் பயில வேண்டும் என்னும் அவா நம் சைவ நன்மக்களிடையே இந்நாளில் மிகுந்து வருகின்றது. திருமுறைகளை நாடோறும் ஓதுவாருள் பலர், "எங்கட்குப் பாடவேறுபாடு வேண்டா, இலக்கணக் குறிப்பு வேண்டா, செய்யுளின் பொருள் விளங்கினாற் போதும், எப்பதிப்பைக் கொள்ளலாம்?" என்று வினவுகின்றனர். இவ்வினா நேரியதே. ஆராய்ச்சி செய்வார்க்கு வேண்டுவன வேறு. பொருளுணர்ந்து இன்புறுவார்க்கு வேண்டுவன வேறு. ஆயினும், ஆராய்ச்சிச் சுமையைக் குறைக்கின்றோம் என்று வெளிவரும் எளிய உரைகளுட் பல, குறைக்கத் தக்கதை விடுத்துக் குறைக்கத் தகாததைக் குறைத்து விடுகின்றன. அஃது எவ்வாறு என்பதைக் குறுந்தொகை ஒன்றனையே எடுத்துக்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

குறுந்தொகையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. புறநானூற்றிற்கு முதல் 266 செய்யுட்கள்வரை ஒரு பழையவுரை கிடைத்துள்ளது. பத்துப்பாட்டிற்கும் கலித்தொகைக்கும் நச்சினார்க்கினியர் உரை உளது. குறுந்தொகைக்கோ, பேராசிரியர் 380 செய்யுட்களுக்கும் எஞ்சிய 20 செய்யுட்களுக்கு நச்சினார்க்கினியரும் உரை வகுத்தனர் என்னும் செய்தி மட்டும் எஞ்சியது. அவ்வுரை நமக்குக் கிடைத்திலது. ஆகலின் குறுந்தொகையைப் பொறுத்தவரை நாம் கைப்பற்றி நடத்தற்குள்ள கோல் இக்காலத்தார் உரையே. அக்கோல் நேரியதா கோடியதா என்று பார்த்தல் ஏனை நூல்களினும் இந்நூற்கு மிகவும் வேண்டுவதாகும்.

இந்நூலைச் சௌரிப்பெருமாள் அரங்கனார் 1915-இல் முதற்கண் தம் உரையுடன் அச்சிட்டனர். பின்னர் 1937-இல் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் பல ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கித் தாம் எழுதிய விரிவான உரையுடன் வெளியிட்டனர். அதன்பின் வந்த உரைகள் பெரும்பாலும் ஐயரவர்கள் பதிப்பினைத் துணைக்கொண்டே எழுந்தன. அப்பதிப்பில் ஒவ்வொரு செய்யுட்கும் கூற்று, மூலம், புலவர் பெயர், பிரதிபேதம், பதவுரை, முடிபு, கருத்து, விசேடவுரை, மேற்கோளாட்சி, ஒப்புமைப் பகுதி என்று பல உறுப்புக்கள் அமைந்துள்ளன. நாலடி முதல் எட்டடி வரையுள்ள சிறு செய்யுளைச் சுற்றி இத்துணை உறுப்புக்களைக் கண்ட புதியவர் அஞ்சி நூலை மூடிவிடுகின்றனர். அவ்வச்சத்தைப் போக்க எழுந்தவையே எளிய தெளிவுரைகள். அவற்றின் நோக்கம் நன்று. குறையாவது, அவை பெரும்பாலும் பதவுரையையும் ஒரு வசன வடிவையும் வைத்துக்கொண்டு, கூற்றையும் முடிபையும் கருத்தையும் சுருக்கியோ முற்றும் நீக்கியோ விடுதல்.

உரையென்பதற்கு நம் முன்னோர் வகுத்த அளவு ஒன்று உண்டு. ஆலவாய்ப் பெருமான் அருளிய இறையனார் அகப்பொருளின் உரையிலே, உரைக்கு நான்கு கூறுகள் சொல்லப்படுகின்றன. இச்செய்யுள் கருதியது யாதென்று கூறுதல் கருத்துரைத்தல். சொற்களைப் பிரித்துத் தனித்தனியே பொருள் காட்டுதல் கண்ணழித்தல். அவற்றை ஒருங்கு திரட்டி ஒரு பொருளாக்குதல் பொழிப்புத் திரட்டல். எழும் ஐயங்களை வினாவி விடைகூறி விரித்தல் அகலங் கூறல். இவற்றுட் கருத்து முதற்கண் நிற்றலைக் கருதுக. மடங்களிற் சித்தாந்த சாத்திரம் பயின்றார்க்கு இது புதிதன்று. ஒரு சூத்திரம் எதனை நிறுவ எழுந்தது என்று அறியாமல் அதன் சொற்பொருளைக் கூறப் புகுவாரை ஆசிரியர் இடைமறித்து நிறுத்துதல் வழக்கம். அகச்செய்யுட்குக் கருத்தின் வாயில் கூற்றேயாம். இன்னார், இன்னாரை நோக்கி, இன்ன நேரத்தில் இதனைக் கூறினார் என்னும் குறிப்பு இல்லையேல் சொற்கள் எல்லாம் விளங்கியும் செய்யுள் விளங்காது.

இதற்கு நம் அன்பர் அனைவரும் அறிந்த ஒரு சான்று உளது. குறுந்தொகையின் இரண்டாம் செய்யுள் இறையனார் பாடியது. தருமிக்குப் பொற்கிழி அளித்த திருவிளையாடலில் நக்கீரர் குற்றங் கூறிய பாடல் இதுவே. தருமிக்கு அருளிய செய்தியைத் திருநாவுக்கரசு சுவாமிகளும் தம் திருத்தாண்டகத்திற் போற்றினர். திருவிளையாடல் வரலாற்றின் வழியாக இச்செய்யுளை அறிந்தார்க்கு, மகளிர் கூந்தற்கு இயற்கை மணம் உண்டோ இல்லையோ என்பதே இதன் பொருளாகத் தோன்றும். ஆனால் குறுந்தொகைக் கூற்றை நோக்கின், தலைவியை முதன்முறை எதிர்ப்பட்டுக் கூடிய தலைவன், நாணத்தால் ஒடுங்கி நிற்கும் அவள் கேட்குமாறு அவளது நலத்தைப் பாராட்டியது என்று அறிகின்றோம். அவன் வினவுவது வண்டினை, கேட்பவள் தலைவி. தான் விரும்புவதைச் சொல்லாமல் கண்டதைச் சொல்லுக என்று வண்டிற்கு அவன் கட்டளையிடுவது, தன் புகழ்ச்சி முகமன் அன்று என்று அவள் தெளிதற் பொருட்டு. வண்டு விடைகூறாது என்பது இருவரும் அறிந்ததே. கூற்றை நீக்கிவிட்டு வசனத்தை மட்டும் படிப்பார்க்கு, ஒருவன் வண்டோடு மணத்தைப் பற்றி வழக்காடுகின்றான் என்ற அளவே எஞ்சும். புராணத்தில் அச்செய்யுள் செய்த பணி வேறு. தொகையில் அது நிற்கும் நிலை வேறு. அவ்விரண்டையும் மயங்காமற் காட்டுவது ஒரு வரிக் கூற்றே.

இனி, ஒரு செய்யுளை முழுதும் எடுத்து, எளிய உரைகள் எவ்விடங்களிற் பிழைக்கின்றன என்பதைக் காண்பாம். கபிலர் பாடிய 25-ஆம் செய்யுளைக் கொள்க. ஐந்தே அடிகள் உடையது. அதன் பொருளை மூலத்தின் வைப்பு முறை மாறாமல் நம் சொற்களில் கூறின் இவ்வாறு அமையும்: வேறொருவரும் அங்கு இல்லை, கள்வனாகிய அவன் ஒருவனே இருந்தான். அவன் அதனைப் பொய்ப்பானாயின் நான் யாது செய்வேன்? தினையின் தாளைப் போன்ற சிறிய பசிய கால்களையுடையதாய், ஓடும் நீரில் ஆரல் மீனை எதிர்பார்த்து நின்ற ஒரு குருகும் இருந்தது, அவன் என்னை மணந்த அன்று.

இதன் கூற்று, தலைவன் திருமணத்தைக் காலந்தாழ்த்த போது தலைவி தோழியிடம் கூறியது என்பதாகும். எளிய உரைகள் இச்செய்யுளில் தடுமாறும் இடங்கள் மூன்று.

முதலாவது, 'மணந்த' என்னும் சொல். இக்காலத்து வழக்கில் மணத்தல் என்பது திருமணஞ் செய்தலையே குறிக்கும். எளிய உரை அச்சொல்லை அப்படியே எடுத்து வசனத்தில் வைத்துவிட்டால், படிப்பவர் திருமண நாளில் யாரும் இல்லை என்று பொருள் கொள்வர். சுற்றத்தார் சூழ நிகழ்வதன்றோ திருமணம்? அங்குச் சான்று இல்லையென்று தலைவி அஞ்சுவானேன்? பண்டை வழக்கில் மணத்தல் என்பது கலத்தல், கூடுதல் என்னும் பொருளது. ஈண்டுப் பேசப்படுவது ஊரறியாக் களவிற் கூட்டம். திருமணம் இன்னும் நிகழ்ந்திலது. அது நிகழாமையே தலைவியின் துயர். இவ்வொரு சொல்லிற் பிழைத்தால் செய்யுள் முழுதும் தலைகீழாகும். கடிய அருஞ்சொற்களினும், இன்றும் வழங்குவதாய்ப் பொருள் திரிந்த எளிய சொற்களே படிப்பாரை மிகுதியும் ஏமாற்றும். அருஞ்சொல்லைக் கண்டார் நின்று பொருள் தேடுவர், எளிய சொல்லைக் கண்டார் நில்லாது கடந்து செல்வர். ஆகலின் ஓர் உரை இத்தகைய சொற்களுக்குக் குறிப்பு எழுதியுள்ளதா என்று பார்த்தல் அவ்வுரையின் தரத்தை அறிய ஒரு நல்ல வழி.

இரண்டாவது, 'அது' என்னும் சுட்டு. அவன் பொய்ப்பானாயின் என்று கூறுமிடத்து, எதனைப் பொய்ப்பது? செய்யுளில் அதற்கு முன் ஒன்றும் கூறப்பட்டிலது. கூடிய நாளில், உன்னைப் பிரியேன், விரைவில் வரைந்து கொள்வேன் என்று அவன் தெளிவித்த சொல்லே அச்சுட்டின் பொருள். அதனைத் தலைவி வாய்விட்டுக் கூறாமைக்குக் காரணம், அதனைத் தோழி முன்னரே அறிந்திருத்தல். நமக்கு அதனை அறிவிப்பது, வரைவு நீட்டித்த போது கூறியது என்னும் கூற்று ஒன்றே. மேலும், அவள் பொய்த்தான் என்று கூறவில்லை. பொய்ப்பின் என்றே கூறுகின்றாள். சில வசன வடிவங்கள் இதனை, அவன் பொய் சொல்லி விட்டான் என்று இறந்த காலத்தில் முடிப்பதைக் காண்கின்றோம். வினையெச்சம் ஒன்றனை முற்றாக்கியதனால் விளையும் கேடு சிறிதன்று. பொய்த்தான் எனின் இது கைவிடப்பட்டாள் ஒருத்தியின் புலம்பல். பொய்ப்பின் எனின், இன்னும் நம்பிக்கை அற்றுப் போகாதவள், நம்பவும் மாட்டாமல் விடவும் மாட்டாமல் நிற்கும் நிலை. அவனைக் கள்வன் என்று வைதவளே, அவன் பொய்த்தான் என்று உரைக்க நா எழாமல் நிற்கின்றாள். இச்செய்யுளின் உயிர் அவ்விடத்தில் உளது. இலக்கணம் வேண்டா என்று கூறும் அன்பர்க்கும் இவ்வளவு இலக்கணம் வேண்டும். பெயரிட்டுக் கூறாவிடினும், பொழிப்பில் அது பிழையாமல் வந்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது, வைப்பு முறை. முடிபு காட்டும் உரையாசிரியர், ஐயந் தீர்தற்பொருட்டுச் சொற்களை இக்கால உரைநடை முறையில் அடுக்குவர். 'அவன் மணந்த அன்று வேறு யாரும் இல்லை. ஒரு குருகு மட்டும் இருந்தது. அவன் பொய்ப்பின் யான் என் செய்வேன்' என்று அமைத்தால் இலக்கணம் நேர்படும். எளிய உரைகள் பலவும் இம்முறையையே பொழிப்பாக எழுதிவிடுகின்றன. ஆயின் கபிலர் அவ்வாறு வைத்திலர். யாரும் இல்லை என்று தலைவி தொடங்குகின்றாள். நான் என் செய்வேன் என்று அஞ்சுகின்றாள். அவ்வச்சத்தின் பின்னரே, யாரேனும் கண்டிருப்பரோ என்று அவள் நினைவு அந்த இடத்தை மீண்டும் துழாவுகின்றது. அப்போது அகப்பட்டது ஒரு குருகு. அது பேசாதது; பேசுவதாயினும், அதன் கண் ஆரலின்மேல் இருந்ததன்றித் தன்மேல் இருந்ததன்று. யாரும் இல்லை என்றவள் ஒன்று இருந்தது என்று கூறி முடிப்பது, இல்லை என்பதை முன்னினும் வலியுறுத்துவதாகவே ஆகின்றது. குருகை அடுத்த உம்மை அச்சிறுமையைச் சுமந்து நிற்கின்றது. சான்று கூறுவாரைத் தேடி இறுதியில் ஒரு பறவையிடம் வந்து நிற்பவளின் தனிமையைக் கடைசி அடியில் வைத்த புலவர் கருத்து, குருகை நடுவே தூக்கி வைத்த வசனத்தில் இறந்து படுகின்றது.

இங்ஙனமாகலின், முடிபு வேண்டா என்பதன்று நம் கருத்து. முடிபு படித்தாலன்றி எந்தச் சொல் எதனொடு இயைகின்றது என்பது விளங்காது. முடிபைப் படித்து உணர்ந்த பின் அதனை விட்டு, மீண்டும் மூலத்தை அதன் முறையிலேயே ஒரு தரம் படித்தல் வேண்டும். முடிபு சொற்களின் உறவைக் காட்டும். மூலத்தின் வைப்பு உள்ளத்தின் செலவைக் காட்டும். முன்னதைப் பின்னதாகக் கொள்ளும் உரை படிப்பாரை ஏமாற்றுவதாகும்.

விசேடவுரை என்னும் அகலவுரையிற் பொருள் வேண்டுவார் எவ்வளவு கொள்ளலாம்? இச்செய்யுளில் தினைத்தாள் உவமை ஒன்றனைக் கொள்க. குருகின் கால் மெலிந்து பசுமை கலந்து தோன்றுதலைக் காட்டுவது அவ்வுவமையின் வெளிப்படைப் பொருள். பதவுரையே அதற்குப் போதும். அகவொழுக்கத்தில் தினைப்புனம் யாது என்று அறிந்தார்க்கு மற்றொரு பொருளும் தோன்றும். தலைவியும் தோழியும் கிளி கடிந்து தினைப்புனங் காத்தலும், அங்குத் தலைவன் வந்து கூடுதலும், தினை கொய்யப்பட்ட பின் காவல் ஒழிந்து தலைவி மனைக்கண் செறிக்கப்படுதலும் குறிஞ்சித் திணையின் வழக்கு. கதிர் கொய்த பின் புனத்தில் எஞ்சுவது தாளே. குருகின் காலை நினைக்குங்கால் தலைவிக்குத் தினையின் தாள் நினைவிற்கு வருதல், கூட்டம் முடிந்து வெறும் புனம் எஞ்சியதைக் குறிப்பிற் காட்டுவதாகக் கொள்ளலாம் என்பது எம் கருத்து. இஃது ஏற்பார் ஏற்க, ஏலாதார் விடுக. இத்தகைய குறிப்புக்கு இடந்தருவது அகலவுரை. நல்ல எளிய உரை இவற்றை எல்லாம் எழுத வேண்டுவதில்லை. ஆனால் தினைப்புனத்தின் வழக்கைப் போன்ற ஒரு வரிச் செய்தியைத் தந்தால், மீதியைப் படிப்பார் தாமே காண்பர்.

பிரதிபேதத்தையும் ஒப்புமைப் பகுதியையும் பொருள் வேண்டுவார் பெரும்பாலும் தடையின்றிக் கடந்து செல்லலாம். ஒப்புமைப் பகுதி, இச்சொல்லும் இக்கருத்தும் பிற நூல்களில் எங்கெங்கு வருகின்றன என்று காட்டுவது. உரையாசிரியர் ஒரு சொற்கு அப்பொருளை எதனால் துணிந்தார் என்று ஆராய்வார்க்கு அது கருவூலம். முதன்முறை படிப்பார்க்கு அது வேண்டுவதன்று. மேற்கோளாட்சி அத்தகையதன்று, அதனை ஒருகால் நோக்கிச் செல்லுதல் நலம். ஏனெனில் கூற்று என்பதும் நூலோடு உடன் பிறந்த உண்மை அன்று. அதனைப் புலவரே எழுதினார் என்று கொள்ளுதற்குச் சான்றில்லை. செய்யுட்களைத் தொகுத்த காலத்தோ அதன் பின்னரோ சான்றோர் வகுத்தனர் என்பதே ஆராய்ச்சியாளர் பெரும்பாலார் கொள்கை. தொல்காப்பியத்திற்கு உரை வகுத்தோர் சிலவிடத்து ஒரு செய்யுளைத் தொகையிற் கண்ட கூற்றிற்கன்றி வேறொரு துறைக்கு எடுத்துக்காட்டுதலும் உண்டு. அவ்வேறுபாட்டைக் காட்டுவது மேற்கோளாட்சியே. ஒரு செய்யுள் தன் கூற்றோடு பொருந்தாமல் முரணுவதாகப் படிப்பார்க்குத் தோன்றின், அவ்விடத்தில் மேற்கோளாட்சியை நோக்குக. முன்னோரும் அவ்வாறே ஐயுற்றிருத்தல் கூடும். கூற்றுச் செய்யுட்குத் திறவுகோலேயன்றிப் பூட்டன்று.

இனி, கடையில் ஒரு குறுந்தொகைப் பதிப்பைக் கையில் எடுத்த அன்பர் அதனைச் சோதிக்கும் முறையைக் கூறி முடிப்பாம். 25-ஆம் செய்யுளைத் திறக்க. கூற்று முழுதும் மூலத்தோடு அச்சிடப்பட்டு, அதன் பொருளும் விளக்கப்பட்டிருத்தல் வேண்டும். வரைவு என்னும் சொல்லைப் பொருள் கூறாமல் விட்ட உரை புதியவர்க்கு உதவாது. மணத்தல் என்பதற்குக் கூடுதல் என்று பொருள் எழுதப்பட்டுள்ளதா என்று பார்க்க. பொய்ப்பின் என்பது பொய்த்தான் என்று மாறியிருப்பின் அந்நூலை வைத்துவிடுக. பொழிப்பின் இறுதியிற் குருகு நிற்கின்றதா, அன்றி நடுவே மறைந்து விட்டதா என்றும் நோக்குக. இந்நான்கும் செவ்வனே அமைந்த பதிப்பு சிறிதாயினும் கொள்ளத்தக்கது. இவை அமையாதது, வழுவழுப்பான தாளும் அழகிய படங்களும் உடையதாயினும் விடத்தக்கது. அத்தகைய சிறு பதிப்பு அகப்படாவிடின், ஐயரவர்கள் பதிப்பையே எடுத்துக் கூற்று, மூலம், பதவுரை, முடிபு, கருத்து என்பவற்றை மட்டும் படித்து மீண்டும் மூலத்திற்கு வருக. ஏனைய உறுப்புக்கள் அப்பக்கத்திலேயே இருக்கட்டும். அவற்றின்பால் விருப்பம் எழும் நாளில் அவை அங்கிருந்து பயன்படும். ஒரு செய்யுட்குக் கால் மணிப்பொழுது போதும். நாளொன்றுக்கு ஒரு செய்யுளாகக் கொண்டால், கடவுள் வாழ்த்து நீங்கலாக உள்ள 401 செய்யுட்களையும் ஓராண்டிற்குச் சிறிது மேற்பட்ட காலத்திற் பொருளுணர்ந்து படித்து முடிக்கலாம்.